பூட்டு, இரண்டு தலை, உலக உருண்டை: அயலவர்களுக்குப் பாதுகாப்பாக வீடியோ போடக் கற்றுத்தரும் பேச்சை எப்படித் தயாரிப்பது

இலங்கை மலையகத்தில் தோட்டத்து இளைஞர் கழகத் தலைவர் ஒருவர் தன் டிவிசன் ஆட்களைக் கூட்டி, வீடியோ போடுவது பற்றிப் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு இருபது நிமிடம், அதன் பிறகு போனைக் கையில் வைத்துப் பழக ஒரு மணி நேரம். அந்தப் பேச்சை எந்த வரிசையில் எழுதுவது, ஒவ்வொரு இடத்திலும் என்ன சொல்வது, புதிதாகப் பேச வரும் தம்பி தங்கைமார் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை இங்கே எழுதுகிறேன். மேற்கோள் குறிக்குள் இருப்பவற்றை அப்படியே வாசித்துப் பேசலாம், அல்லது உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளலாம். பேஸ்புக்கை வைத்தே விளக்கியிருக்கிறேன். டிக்டொக்கும் வட்ஸ்அப்பும் எங்கே வேறுபடுகின்றன என்பது ஏழாம் பகுதியில் இருக்கிறது.

1. கூட்டத்துக்கு முன் செய்து வைக்க வேண்டியவை

நாள் ஞாயிறு அல்லது போயா. நேரம் காலை பத்து மணிக்குப் பிறகு. வேலை நாளில் மாலை வைத்தால், கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மாமார் தண்ணி பிடிக்கவும் சமைக்கவும் ஓட வேண்டியிருக்கும், பாதிப் பேச்சில் எழுந்து போவார்கள். பிற்பகலில் மழை வந்தால் தகரக் கூரையின் கீழ் உங்கள் குரல் யாருக்கும் கேட்காது. பிரட்டுக்களமோ கோயில் மண்டபமோ எதுவானாலும், ஒருநாள் முன்பே போய் அங்கே சிக்னல் எத்தனை கோடு நிற்கிறது என்று பாருங்கள். பள்ளத்தில் இருக்கும் மண்டபத்தில் வீடியோ ஏறாது. அங்கே பேச்சை மட்டும் வைத்துவிட்டு, பழகுவதற்கு மேட்டு லயத்துக்குப் போகலாம்.

கையில் நான்கு பொருட்கள் வேண்டும். தூரத்திலிருந்து தெரியும்படி படம் வரைந்த மூன்று பிரிஸ்டல் போர்ட் தாள்கள் (நான்காம் பகுதி). நீங்களே எடுத்த ஒரு மாதிரி வீடியோ (ஐந்தாம் பகுதி). காட்டுவதற்கென்று ஒரு போன். அதில் உங்கள் சொந்தக் கணக்கு இருக்கக் கூடாது, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு வரும் செய்தி திரையில் விழும், மண்டபமே வாசிக்கும். கடைசியாக, ஐந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் உதவிக்குப் பிள்ளைகள். ஒருவர் பத்துப் பேரைப் பார்க்கத் தொடங்கினால் பின்னால் இருக்கும் ஆத்தாமாரிடம் போய்ச் சேரவே மாட்டார்.

2. உதவிக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு கட்டளை

இதைக் கூட்டத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முதலாவது, யாருடைய போனையும் கையில் வாங்கக் கூடாது. விரலால் காட்டலாம், தொடக் கூடாது. பிள்ளைகள் அவசரத்தில் "தாங்க பெரியம்மா, நான் செஞ்சு தாறேன்" என்று வாங்கி அரை நிமிடத்தில் முடித்துக் கொடுப்பார்கள். பெரியம்மாவின் விரல் அந்த வழியில் ஒருமுறையும் போகவில்லை, வீட்டுக்குப் போனதும் அவருக்கு எதுவும் வராது.

இரண்டாவது, யாருடைய கடவுச்சொல்லையும் கேட்கவோ, எழுதவோ, தன் போனில் திறந்து கொடுக்கவோ கூடாது. "மறந்து போச்சு, நீயே ஒண்ணு போட்டுக் குடு" என்று ஒரு மாமா சொன்னாலும், அவர் கையாலேயே அமைத்து, வீட்டில் ஒரு கொப்பியில் அவரே எழுதி வைக்கட்டும். பிறகு அந்தக் கணக்கில் ஏதாவது நடந்தால் முதல் சந்தேகம் உதவி செய்த பிள்ளை மேல்தான் விழும். பிள்ளையைக் காப்பதற்கும் இந்தக் கட்டளை வேண்டும்.

3. பேச்சின் முதல் கேள்வி: யாருக்காகப் போடுகிறீர்கள்?

புதிதாகப் பேச வருபவர்கள் பெரும்பாலும் பயமுறுத்தித்தான் தொடங்குகிறார்கள். "அங்கே ஒரு பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது, இங்கே இத்தனை லட்சம் போய்விட்டது" என்று கதை சொல்லத் தொடங்கியதும், பயந்தவர்கள் போனைப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். பயப்படாதவர்கள் தங்களுக்கு இதெல்லாம் நடக்காது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இரண்டு பேரும் அதன் பிறகு கேட்பதில்லை.

இப்படித் தொடங்குங்கள்:

"அம்மாமாரே, அக்காமாரே, அண்ணன்மாரே, வணக்கம். ஒரு கேள்வி. கடைசியா ஒரு வீடியோ போட்டீங்கதானே, அது யார் பாக்கணும்னு போட்டீங்க? குவைத்துல இருக்கிற மகளா? கொழும்புல கடையில நிக்கிற மகனா? இல்ல, ஊர் உலகம் எல்லாமா? பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க, ரெண்டு நிமிசம்."

அந்த இரண்டு நிமிடத்தை முழுதாக விடுங்கள். சத்தம் வரும், வரட்டும். அநேகமானோர் ஒன்றிரண்டு பேரைத்தான் சொல்வார்கள். பிறகு நீங்கள்:

"சவூதியில இருக்கிற அம்மா பாக்கணும்னா அந்த அம்மாவோட வட்ஸ்அப்புக்கு நேரா அனுப்பினாப் போதும். பேஸ்புக்ல போட வேண்டிய தேவையே இல்ல. எங்க கழகத்து மெட்ச்சுக்கு ஆள் வரணும்னா எல்லாரும் பாக்கணும், அது பேஸ்புக்ல போகட்டும். ஆள் யாருன்னு முதல்ல தெரிஞ்சா, எங்க போடுறதுங்கிறது தானா தெரியும்."

இந்தக் கேள்வியை முதலில் வைப்பதற்குக் காரணம், மீதி எல்லா முடிவும் இதில்தான் தொங்குகிறது. யார் பார்க்க வேண்டும் என்று தெரியாதவருக்கு, அடுத்து வரும் மூன்று படங்களில் எதை அழுத்துவது என்பதும் தெரியாது.

4. மூன்று படங்கள்

நம் ஆட்களில் பலருடைய போன் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வாசிக்கத் தெரியாவிட்டாலும் படம் பார்த்தே எல்லாம் செய்வார்கள். அதனால் சொல்லைக் கற்றுக்கொடுக்காதீர்கள், படத்தைக் கற்றுக்கொடுங்கள். பேஸ்புக்கில் பதிவு போடும் இடத்தில் உங்கள் பெயருக்குக் கீழே ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ரீல்ஸ் போடும்போது அது கடைசித் திரையில், பகிரும் பொத்தானுக்கு அருகில் வரும். அதில் உலக உருண்டை இருந்தால் Public, இரண்டு தலை இருந்தால் Friends, பூட்டு இருந்தால் Only me. மூன்றையும் ஒவ்வொரு தாளில் பெரிதாக வரைந்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுங்கள்.

"உருண்டை இருந்தா, உங்களத் தெரியாதவங்களும் பாக்கலாம். ரெண்டு தலை இருந்தா, நீங்க நண்பராச் சேத்தவங்க பாக்கலாம். பூட்டு இருந்தா நீங்க மட்டும். இப்ப நான் தாளத் தூக்குறேன், யார் பாப்பாங்கன்னு நீங்க சொல்லுங்க."

மூன்றையும் மாற்றி மாற்றித் தூக்குங்கள், பதில் தயங்காமல் வரும் வரை. இந்த இடத்தில் இரண்டு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும், இரண்டுமே கேள்வியாகத் திரும்பி வரும்.

ஒன்று, பேஸ்புக் பதிவில் ஒருமுறை தேர்ந்தெடுத்த படம் அடுத்த பதிவுக்கும் அப்படியே நிற்கக்கூடும். திருவிழா வீடியோவை உருண்டையில் போட்டவர், அடுத்த வாரம் மகளின் சடங்கு வீடியோவைப் பார்க்காமல் போட்டால் அதுவும் உருண்டையிலேயே போய்விடலாம். எதிர்ப்பக்கமும் நடக்கலாம்: பூட்டில் பழகிவிட்டுப் போன அக்கா, "நான் போட்டா யாருமே லைக் போடல, போன் பழுதோ" என்று கேட்டு வருவார். ஒவ்வொரு முறையும் படத்தைப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

இரண்டு, இரண்டு தலையில் போட்டாலும் யாரையாவது டேக் செய்தால், அவருடைய நண்பர்களும் பார்க்க இடமுண்டு. "சொந்தக்காரங்களுக்கு மட்டும்தானே போட்டேன், அவனுக்கு எப்படித் தெரிஞ்சது" என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் பதில்.

5. மாதிரி வீடியோ: ஒரு நிமிடத்தில் ஐந்து இடம்

பேச்சின் நடுப்பகுதி இது. பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள்.

அயலவர் யாரும் உண்மையில் போட்ட வீடியோவை எடுத்து "இதில் என்ன பிழை" என்று காட்டாதீர்கள். அந்தக் குடும்பம் மண்டபத்தில் இருக்கும், இல்லாவிட்டால் அவர்களின் சொந்தக்காரர் இருப்பார். கழகத்துப் பிள்ளைகள், அதுவும் பதினெட்டு வயது கடந்தவர்கள், நடித்து எடுத்த வீடியோவாக இருக்கட்டும். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பெறுபேறு வந்த நாளை எடுத்துக்கொள்ளலாம். எல்லா வீட்டுக்கும் தெரிந்த சந்தோஷம் அது, அந்த நாளில் யாரும் யோசித்துப் போடுவதில்லை.

வீடியோ இப்படி இருக்கட்டும். அக்காவாக நடிப்பவர் கதவடியில் நின்று, தங்கச்சி பாஸ் என்று பெறுபேற்றுத் தாளை கமராவுக்குக் கிட்டக் காட்டுகிறார். தாளில் நீங்களாகக் கற்பனையில் எழுதிய பெயரும் சுட்டெண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. பின்னால் கொடியில் பள்ளிக்கூட டையும் சின்னம் தைத்த உடுப்பும் காய்கின்றன. சுவரில் லயத்து எண் வெள்ளை பெயின்ட்டில் இருக்கிறது. "வாழ்த்துச் சொல்றவங்க அம்மாவோட நம்பருக்கு எடுங்க" என்று ஒரு நம்பரைச் சொல்கிறார் (அதுவும் கற்பனை, ஆறு இலக்கத்தோடு நிறுத்திவிடுங்கள்). கடைசியில், "நாளைக்கு வேண்டுதல் தீர்க்கக் கதிர்காமம் போறோம், நாலு நாள் கழிச்சுத்தான் வருவோம்."

முதல்முறை ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். கை தட்டுவார்கள். பிறகு:

"நல்ல வீடியோ. இப்ப நீங்க இந்தக் குடும்பத்தத் தெரியாத ஒரு ஆள். இந்த ஒரு நிமிசத்துல இவங்களப் பத்தி என்னென்ன தெரிஞ்சுக்கிட்டீங்க? இன்னொரு தரம் போடுறேன், தெரிஞ்ச இடத்துல கையத் தூக்குங்க."

கை தூக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அவர்களே சொல்லட்டும். தாளை எல்லோரும் பிடிப்பார்கள். டையையும் லயத்து எண்ணையும் அநேகமாகப் பிள்ளைகள்தான் கண்டுபிடிப்பார்கள். கதிர்காமத்தைக் கடைசியில்தான் பிடிப்பார்கள், ஏனென்றால் அது படத்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள்:

"சுட்டெண் இருந்தா யாரும் இணையத்துல போட்டு அந்தப் புள்ளையோட பெறுபேறப் பாக்கலாம். பேரும் பள்ளிக்கூடமும் தெரிஞ்ச ஒருத்தன் கேட்டடியில நின்னு, 'பாப்பா, அம்மா அனுப்பினாங்க'ன்னு சொன்னா புள்ள நம்பிடும். அம்மா நம்பர் தெரிஞ்சவன், 'உங்க புள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கு, போனுக்கு வந்த ஆறு இலக்கத்தச் சொல்லுங்க'ன்னு எடுப்பான். அந்த ஆறு இலக்கத்தக் குடுத்தா உங்க கணக்கு அவன் கைக்குப் போயிடும். லயத்து நம்பரும் நாலு நாள் பயணமும் தெரிஞ்சா, எந்தக் காம்பரா சும்மா பூட்டிக் கிடக்குன்னு தெரியும்."

ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. ஒரே வீடியோவில் சேரும்போதுதான் ஒருவன் கையில் முழு விலாசமாகிறது. இதை அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் "பேர் சொன்னாலே தப்பா" என்ற வாக்குவாதத்தில் நேரம் போய்விடும்.

அடுத்து திருத்துவது. இங்கே புதியவர்கள், தாளை மறைக்க ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கை அசைந்தால் தாள் ஸ்டிக்கருக்கு வெளியே வந்துவிடும், அரை நொடி தெரிந்தாலும் நிறுத்திப் படிக்கலாம். தொடக்கத்திலோ கடைசியிலோ இருப்பதை வெட்டலாம். போனின் கேலரியிலேயே இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சுருக்கும் வசதி இருக்கும், கதிர்காமப் பேச்சு அதில் போய்விடும். நடுவில் இருப்பதற்கு ஒரே நல்ல வழி, திரும்ப எடுப்பது. தாளை மடித்துக் கையில் பிடி, உடுப்புக் கொடிக்கும் சுவருக்கும் முதுகைக் காட்டாமல் தேயிலைப் பக்கம் முதுகைக் காட்டி நில், நம்பரைச் சொல்லாதே. இதையும் பிள்ளைகளை வைத்து முன்பே எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டாவதாகப் போட்டுக் காட்டுங்கள். சந்தோஷம் அப்படியே இருப்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். கதிர்காமத்து வீடியோவைப் போய் வந்த பிறகு போடலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

6. படத்தில் இருப்பவரிடம் கேட்பது

எடுக்கும்போது சிரித்துக்கொண்டு நின்றார் என்பதற்காக, போடுவதற்கும் சம்மதித்தார் என்று ஆகாது. மலையில் கொழுந்து எடுக்கும் அம்மாமார், சாவு வீட்டில் அழுகிறவர், காமன் கூத்தில் வேடம் கட்டியவர், யாராக இருந்தாலும் எடுத்த வீடியோவை அவரிடமே காட்டிக் கேளுங்கள்: "அக்கா, இத உருண்டையில போடப் போறேன், சரியா?" மூன்று படமும் தெரிந்த ஊரில் இந்தக் கேள்வி ஒரு மூச்சில் முடிந்துவிடும்.

பிள்ளைகள் என்றால் அப்பா அம்மாவிடமும் பிள்ளையிடமும் இருவரிடமும் கேட்க வேண்டும். பெற்றோர் வெளிநாட்டில் இருந்தால், வளர்க்கிற அம்மாச்சியிடம் கேட்டது போதாது, பெற்றவருக்கே அனுப்பிக் கேளுங்கள். பிள்ளை குளிக்கிற, உடுப்பு மாற்றுகிற, அடி வாங்குகிற, அழுகிற வீடியோ எந்தப் படத்தின் கீழும் போக வேண்டாம். இதில் பேச்சை நீட்ட வேண்டியதில்லை, தெளிவாகச் சொல்லிவிட்டுக் கடந்து போகலாம்.

7. கையில் போனுடன்: பூட்டில் தொடங்கு

இனிப் பழக்கம். எல்லோரும் ஐந்து ஐந்து பேராக உட்காரட்டும். வீடியோ பத்து நொடிக்கு மேல் வேண்டாம், டேட்டா கரையும், ஏறவும் நேரமெடுக்கும். மண்டபத்துக்கு வெளியே போய் மலையையோ கோயில் கோபுரத்தையோ எடுத்து வரச் சொல்லுங்கள், ஆள் யாரும் படத்தில் வேண்டாம்.

"எடுத்தாச்சா? இப்பப் போடுற இடத்துக்குப் போங்க. இன்னும் அனுப்ப வேணாம். படம் என்ன இருக்கு? உருண்டையா? அத அமத்துங்க. பூட்டத் தேடுங்க. பூட்ட அமத்தினதும் கையத் தூக்குங்க."

எல்லாக் கையும் தூக்கிய பிறகே அனுப்பச் சொல்லுங்கள். ஏறியதும், தன் பக்கத்துக்குப் போய் அதைச் சத்தத்தோடு முழுதாக ஒருமுறை பார்க்க வேண்டும். பூட்டில் முதலில் போடுவதற்கு இதுதான் காரணம்: எடுக்கும்போது கண்ணில் படாதது, போட்ட இடத்தில் பார்க்கும்போது படும். பின்னால் யாரோ சண்டை பிடிப்பது, சுவரில் எழுதியிருப்பது, பக்கத்துக் காம்பராவில் பிள்ளை அரை உடுப்போடு ஓடுவது, எல்லாம் தெரியும். பூட்டில் இருக்கும் வரை அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான், அழித்தாலும் யாருக்கும் தெரியாது.

சரி என்று பட்டால், பதிவின் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, யார் பார்க்கலாம் என்ற இடத்தில் பூட்டை இரண்டு தலையாக மாற்றச் சொல்லுங்கள். இதை இரண்டு முறை முன்னும் பின்னும் மாற்றிப் பார்க்கட்டும். விரல் வழி மறக்காமல் இருக்க அது போதும்.

டிக்டொக்கில் போடும் திரையில், யார் பார்க்கலாம் என்ற வரியில் Everyone, Friends, Only you என்று வரும். முறை இதேதான். அங்கே Friends என்பது, நீங்கள் பின்தொடர்ந்து அவரும் உங்களைப் பின்தொடர்பவர். பேஸ்புக்கோ டிக்டொக்கோ, பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கணக்கே கிடையாது. வயதைக் கூட்டிப் போட்டுத் திறந்து கொடுத்தால், சின்னவர்களுக்கென்று டிக்டொக் தானாக வைத்திருக்கும் பூட்டுகளும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகும்.

வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் உருண்டை கிடையாது, ஆனால் நீங்கள் நம்பர் சேமித்த எல்லோரும், அவர்களும் உங்கள் நம்பரைச் சேமித்திருந்தால், பார்க்கலாம். ரீலோட் கடைக்காரர், எப்போதோ ஒருமுறை போன ஆட்டோ அண்ணன், வேலை பிடித்துத் தருவதாகச் சொன்ன ஏஜென்ட் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். ஸ்டேட்டஸ் அமைப்பில் Only share with என்பதைத் தேர்ந்து, பார்க்க வேண்டியவர்களை மட்டும் குறிக்கலாம்.

8. போன பிறகு பிழை தெரிந்தால்

இதை ஒளிக்காமல் சொல்லுங்கள்: பூட்டுக்கு மாற்றுவதும் அழிப்பதும், இனிமேல் பார்க்கப் போகிறவரைத்தான் தடுக்கும். அதற்குள் ஒருவர் இறக்கியிருந்தால், திரையைப் பதிவு செய்திருந்தால், அந்தப் பிரதி அவரிடம் இருக்கும். அதனால் வேகம் முக்கியம். உங்கள் வீடியோவில் நீங்களே பிழையைக் கண்டால், முதலில் பூட்டு, பிறகு யோசனை.

உங்கள் வீடியோவை வேறொருவன் எடுத்துப் போட்டாலோ, வைத்து மிரட்டினாலோ வரிசை மாறும். அவனோடு வாயாடினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போவான், கையில் சாட்சி இருக்காது. முதலில் அவன் கணக்கின் பெயரும் நாளும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் பதிவின் இணைப்பையும் பிரதி செய்து வைக்க வேண்டும். பிறகு அங்கேயே மூன்று புள்ளியை அழுத்தி முறைப்பாடு. பிறகு பிளாக். காசு கேட்டால் கொடுக்கவே கூடாது, ஒருமுறை கொடுத்தவரிடம் திரும்பவும் கேட்பார்கள். பிள்ளையின் உடம்பு தெரியும் படமாக இருந்தால் மட்டும் சாட்சிக்கென்று கூட அதைச் சேமிக்கவோ யாருக்கும் அனுப்பவோ வேண்டாம், நேரே பிள்ளைகள் பாதுகாப்புக்கான 1929க்குக் கூப்பிடுங்கள்.

"மூணு நம்பர் எழுதிக்கோங்க. புள்ளைங்க சம்பந்தமா 1929. பொம்பளைங்களுக்கு 1938. கணக்கக் களவெடுத்தா, போலிக் கணக்கு வச்சா 101. கூப்பிடப் பயமா இருந்தா எங்ககிட்ட வாங்க, பக்கத்துல உக்காந்து எடுத்துத் தாறோம். யாரு வந்தாங்க, எதுக்கு வந்தாங்கன்னு வெளியில சொல்ல மாட்டோம்."

கடைசி வரியைச் சொல்லும் முன் கழகத்துக்குள் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு லயத்தில் நடந்தது விடிவதற்குள் அடுத்த லயத்துக்குப் போகும் இடம் இது. தன் மகள் பெயர் கழகத்தில் பேசப்பட்டது என்று ஒரு தாய்க்குத் தெரிந்தால், அடுத்த தாய் வர மாட்டார். யாரிடம் வரலாம் என்று இரண்டு பேரை மட்டும், அதில் ஒருவர் பெண்ணாக, பெயர் சொல்லிக் காட்டுங்கள்.

9. அடுத்த வாரம்

ஏழெட்டு நாள் கழித்து, அதே ஐந்து பேர் குழுவுக்கு அதே பிள்ளை போய்ப் பார்க்கட்டும். பேச்சு வேண்டாம், ஒரே ஒரு வேலை: "அக்கா, கடைசியாப் போட்ட வீடியோவுல என்ன படம் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க." அவர் தானே திறந்து, பூட்டோ தலையோ உருண்டையோ என்று சொன்னால், யாருக்காகப் போட்டார் என்று கேளுங்கள். இரண்டும் பொருந்தினால் அந்த வீட்டில் வேலை முடிந்தது. பொருந்தாவிட்டால் அங்கேயே உட்கார்ந்து, அவர் விரலாலேயே மாற்றச் செய்யுங்கள். படத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாதவர்களின் பெயரை மட்டும் குறித்து வாருங்கள், அவர்களை அடுத்த ஞாயிறு தனியாகக் கூட்டி ஏழாம் பகுதியை மறுபடி செய்ய வேண்டும்.